மில்லை இன்றே மூடுவதா, இன்னும் மூன்று ஆண்டு ஓட்டுவதா?

வாசகர் கடிதம்

திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு 6,048 ஸ்பிண்டில் உள்ள சிறிய நூற்பாலை இருக்கிறது. அப்பா தொடங்கியது. 40-ம் நம்பர் ஹாஸியரி நூல் ஓட்டுகிறோம், ஆண்டுக்கு 6 லட்சம் கிலோ. பஞ்சு, மின்சாரம், ஸ்டோர்ஸ், பேக்கிங், கமிஷன் எல்லாம் போக கிலோவுக்கு 33 ரூபாய் நிற்கிறது. தொழிலாளர் சம்பளம் பி.எஃப்., போனஸ் சேர்த்து 132 லட்சம். மற்ற ரொக்கச் செலவு 40 லட்சம். தேய்மானம் 38, வங்கி வட்டி 30, கோவை அலுவலகச் செலவில் மில்லின் பங்கு 18 ஆகியவற்றையும் எழுதினால் ஆண்டு நஷ்டம் 60 லட்சம்.

62 பேர் வேலை செய்கிறார்கள். சராசரி சர்வீஸ் 12 ஆண்டு, மாதச் சம்பளம் 15,600. மிஷின்கள் மொத்தத்துக்கும் ஒருவர் 210 லட்சம் தருவதாகச் சொல்கிறார். ஷெட் 20,000 சதுர அடி. குடோனுக்கு மாதம் 1.80 லட்சம் வாடகை கேட்டு ஒரு கம்பெனி வந்து போனது. ஸ்டாக்கும் வரவேண்டிய பாக்கியும், பஞ்சுக் கடன் போக, 140 லட்சம். வங்கிக் கடன் 270 லட்சம். நிலத்தை விற்கும் எண்ணம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. தொடர்ந்து ஓட்டினால் அடுத்த ஆண்டு முடிவுக்குள் 24 லட்சத்துக்கு ரிங், போல்ஸ்டர் மாற்ற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன்தான் 60 லட்சத்துக்கு ஆட்டோகோனர் போட்டோம்.

"ஆண்டுக்கு 60 லட்சம் போகிறது, நாளைக்கே பூட்டு" என்கிறான் தம்பி. "ரொக்கத்தில் 26 லட்சம் லாபம்தான். மூன்று ஆண்டு ஓட்டினால் 78 லட்சம். மூடினால் கிராஜுவிட்டி, இழப்பீடு என்று கோடிக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்" என்கிறார் கணக்குப் பிள்ளை. மூட அரசு அனுமதி கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

ஆலோசகர் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

மூட வேண்டும் என்று உங்கள் தம்பி சொல்வது சரி, ஆனால் அதற்கு அவர் காட்டும் கணக்கு தவறு. கணக்குப் பிள்ளையின் 26 லட்சம் சரியான எண். ஆனால் அதைக் கொண்டு போய் அவர் ஒப்பிடும் இடம் தவறு.

முதலில் 60 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். அதில் தேய்மானம் 38 லட்சம், என்றோ கொடுத்துவிட்ட பணத்தின் இன்றைய புத்தகப் பதிவு. மில்லை மூடினாலும் அந்தப் பணம் திரும்பாது. கோவை அலுவலகத்தின் 18 லட்சம் மில் நின்றாலும் குறையாது. அங்கே உள்ள ஆட்களும் வாடகையும் உங்கள் மற்ற வியாபாரத்துக்காக அப்படியே இருக்கும். இரண்டையும் நீக்கிவிடுங்கள். வட்டியையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் கழிவு விகிதம் வழியாக அதைக் கணக்குக்குள் கொண்டு வருவோம், தனியாகவும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகிவிடும். மீதி நிற்பது 26 லட்சம் ரொக்க வரவு. ஆட்டோகோனருக்குப் போட்ட 60 லட்சமும் இதே வகைதான். அந்த மிஷினுக்கு இன்று என்ன விலை வரும் என்பது மட்டுமே கணக்கில் வரும், அதுவும் 210 லட்சத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

அப்படியானால் 26 லட்சம் வருகிறதே, ஓட்டலாமே என்று தோன்றும். அடுத்த கேள்வியைக் கேட்காமல் பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த 26 லட்சத்தைச் சம்பாதிக்க எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறீர்கள்?

ஓர் ஆண்டு கதவைத் திறந்து வைக்க ஆகும் செலவு

ஓட்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும், லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரியாகக்கூட வராத நான்கு செலவுகள் உண்டு.

முதலாவது, மிஷின் விலை இறக்கம். இன்று 210 லட்சம் கேட்பவர் அடுத்த ஆண்டு அதே விலை தர மாட்டார். 25 லட்சம் குறையும் என்று வைத்துக்கொள்கிறேன். அதன்படி ஓர் ஆண்டில் 185, இரண்டில் 160, மூன்றில் 140. இது என் அனுமானம்தான். பழைய மிஷின் வியாபாரிகள் இரண்டு பேரிடம், இதே மாடலில் இதைவிட இரண்டு மூன்று வயது கூடிய ஃப்ரேமுக்கு இன்று என்ன விலை என்று கேட்டால் உங்களுக்கே சரியான எண் கிடைத்துவிடும்.

இரண்டாவது, தொழிலாளருக்குச் சேர வேண்டிய தொகை வளர்வது. உங்கள் கடிதத்தில் நான் மிக முக்கியமாகத் திருத்த விரும்புவது இதுதான். மூடினால்தான் கிராஜுவிட்டி, ஓட்டினால் மிச்சம் என்று கணக்குப் பிள்ளை நினைக்கிறார். அது மிச்சமாகாது, தள்ளித்தான் போகும். தள்ளிப் போகும்போது வளரவும் செய்யும். கிராஜுவிட்டி ஓர் ஆண்டு சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும். மூடல் இழப்பீடும் ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். அதையும் இங்கே 26-ஆலேயே வகுத்துப் பார்க்கிறேன். 15,600 ரூபாய் சம்பளத்தில் 15 நாள் என்பது 9,000 ரூபாய். 12 ஆண்டுக்கு 1,08,000. 62 பேருக்கு 67 லட்சம். இரண்டு வகைக்கும் சேர்த்து 134 லட்சம்.

ஓர் ஆண்டு கழித்து சர்வீஸ் 13 ஆண்டாகிவிடும். சம்பளம் 5 சதவீதம் ஏறினால் 16,380. கவனியுங்கள், கூடிய சம்பளத்தை 13-வது ஆண்டுக்கு மட்டும் பெருக்குவதில்லை, 13 ஆண்டுக்கும் சேர்த்துப் பெருக்குகிறோம். அதனால் தொகை 152 லட்சமாகிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் 172, மூன்றாம் ஆண்டு முடிவில் 194. முதல் ஆண்டில் மட்டும் 18 லட்சம் ஏறுகிறது, ஒரு பைசாகூடக் கையிலிருந்து போகாததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

மூன்றாவது, வாடகை. மாதம் 1.80 லட்சம் என்றால் ஆண்டுக்கு 21.6 லட்சம். சொத்து வரி, பராமரிப்பு, இடையில் காலியாகக் கிடக்கும் நாட்கள் போக 18 லட்சம் என்று வைக்கிறேன். மிஷினைக் கழற்றி, தரையைச் சரிசெய்து ஆள் வர ஆறு மாதம் ஆகும் என்பதால் மூடிய முதல் ஆண்டுக்கு 9 லட்சம்தான். மூடுவதை ஓர் ஆண்டு தள்ளினால் இந்த ஆண்டின் 9 லட்சம் போகும். அடுத்த ஆண்டு முழுசாக வர வேண்டிய 18-க்குப் பதில் 9-தான் வரும். இரண்டும் சேர்ந்து ஆண்டுக் கடைசி மதிப்பில் சுமார் 17 லட்சம்.

நான்காவது, முடங்கிக் கிடக்கும் பணம். இன்று மூடினால் மிஷினில் 210, ஸ்டாக்கிலும் பாக்கியிலும் 130 (140-ல் பத்து லட்சம் வராது என்று விட்டுவிடுகிறேன்), தொழிலாளர் தொகை 134 போக 206 லட்சம் கைக்கு வரும். ஓட்டினால் அந்தப் பணம் மில்லுக்குள்ளேயே இருக்கும். 12 சதவீதத்தில் அதன் ஓர் ஆண்டு விலை சுமார் 25 லட்சம்.

கூட்டிப் பாருங்கள்: 25, 18, 17, 25. மொத்தம் 85 லட்சம். மில் சம்பாதிப்பது 26. ஆக, இந்த ஓர் ஆண்டை ஓட்டுவதால் குடும்பத்துக்கு ஏற்படும் இழப்பு சுமார் 59 லட்சம். உங்கள் தம்பி சொன்ன 60-க்கு அருகில் வந்து நிற்பது தற்செயல்தான். பொதுவான 26-ஐ விட்டால், அவருடைய எண்ணில் இருக்கும் ஒரு வரிகூட இதில் இல்லை.

இன்றைய மதிப்பில் நான்கு வழிகள்

12 சதவீதம் ஏன் என்று கேட்பீர்கள். வங்கி உங்களிடம் வாங்குவது 11 சதவீதத்தை ஒட்டி. சொந்தப் பணத்தையும் அதே ஆபத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதால் ஒரு புள்ளி கூட்டியிருக்கிறேன். அந்த விகிதத்தில் ஓர் ஆண்டு கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 89.30, இரண்டு ஆண்டு கழித்து வருவதற்கு 79.70, மூன்றுக்கு 71.20, நான்குக்கு 63.60. ஒவ்வோர் ஆண்டின் தொகையையும் இந்த எண்ணால் பெருக்கிக் கூட்டினால் வெவ்வேறு ஆண்டில் வரும் பணத்தை ஒரே தராசில் வைக்கலாம்.

எல்லா வழிக்கும் பொதுவானதை விட்டுவிட்டேன். நிலத்தை எப்படியும் விற்கப் போவதில்லை. 270 லட்சம் கடனை எப்படியும் அடைத்தாக வேண்டும். வாடகையை நான்கு ஆண்டுவரை எண்ணியிருக்கிறேன், மூன்றாம் ஆண்டு முடிவில் மூடினாலும் ஆறு மாதக் காலியிடம் கணக்கில் வரவேண்டும் என்பதற்காக. ரிங் மாற்றும் 24 லட்சத்தை முதல் ஆண்டு முடிவில் வைத்திருக்கிறேன். ஓர் ஆண்டோடு நிறுத்துவதாக இருந்தால் அந்தச் செலவு வேண்டாம்.

| வழி (லட்சம், இன்றைய மதிப்பு) | மில் ஓட்ட வரவு, ரிங் செலவு போக | மூடும்போது கைக்கு வருவது | வாடகை | மொத்தம் |
|---|---|---|---|---|
| இன்று மூடினால் | 0 | 206 | 47 | 253 |
| ஓர் ஆண்டு ஓட்டி மூடினால் | 23 | 146 | 31 | 200 |
| இரண்டு ஆண்டு ஓட்டி மூடினால் | 22 | 94 | 18 | 134 |
| மூன்று ஆண்டு ஓட்டி மூடினால் | 41 | 54 | 6 | 101 |

மூன்று ஆண்டு ஓட்டினால் 78 லட்சம் என்ற கணக்கு, ரிங் செலவையும் காலத்தையும் கழித்தபின் 41 ஆகிவிட்டது. ஆனால் பெரிய சரிவு அட்டவணையின் அந்தப் பத்தியில் இல்லை, மூடும்போது கைக்கு வருவதைக் காட்டும் அடுத்த பத்தியில் இருக்கிறது. 206 என்பது 54 ஆகிறது. காரணத்தை முன்பே பார்த்தோம்: மிஷின் விலை கீழே இறங்க, தொழிலாளர் தொகை மேலே ஏறுகிறது. இன்று மிஷினை விற்றால் 210, தொழிலாளருக்கு 134. இரண்டு ஆண்டில் 160-ம் 172-ம். அதாவது இடையில் எங்கோ, மிஷினை விற்று ஆட்களின் கணக்கைத் தீர்க்க முடியும் என்ற நிலை போய்விடுகிறது. மூன்று ஆண்டில் 140-ஐ வைத்துக்கொண்டு 194 கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கில் நான் மில்லின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறேன். சம்பளம் 5 சதவீதம் ஏறினால் ஆண்டுச் செலவு ஆறரை லட்சம் கூடும். நூல் விலை அதைத் தாங்கும் என்று எண்ணி 26 லட்சத்தை மூன்று ஆண்டுக்கும் அப்படியே வைத்திருக்கிறேன். கழிவு விகிதத்தை 9 என்று வைத்தாலும் 15 என்று வைத்தாலும் முடிவு மாறாது. 85 என்ற செலவு சுமார் 79-க்கும் 91-க்கும் இடையில் ஆடும், அவ்வளவுதான். விகிதத்தைப் பற்றி ஆடிட்டரோடு வாதாடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எந்த எண் பொய்த்தால் முடிவு மாறும்?

வாதாட வேண்டிய எண்கள் இரண்டு. மிஷினுக்குச் சொன்ன 210, ஷெட்டுக்குச் சொன்ன 1.80. இரண்டும் இன்று வாய்ச்சொல்தான்.

மிஷினை வாங்க வந்தவர் கடைசி நேரத்தில் பின்வாங்கி, இரும்பு விலைக்குத்தான் போகிறது என்று வையுங்கள்: இன்று 90, அடுத்த ஆண்டு 85. அப்போது முடங்கிய பணம் 86 லட்சமாகக் குறைகிறது, அதன் வட்டி 10. விலை இறக்கம் வெறும் 5. தொழிலாளர் தொகை ஏற்றம் அதே 18. வாடகை இழப்பு 17. மொத்தம் 50. அப்போதும் 26-ஐவிட அதிகம்தான். ஆனால் குடோனுக்கும் ஆள் வரவில்லை என்றால் செலவு 33 லட்சம். கிலோவுக்கு 33 ரூபாய்க்குப் பதில் 34 ரூபாய் 20 காசு கிடைத்தால் அதை எட்டிவிடலாம். அந்த நிலையில் ரிங் மாற்றாமல் ஓர் ஆண்டு ஓட்டுவதில் தவறில்லை.

ஆகவே நோட்டீஸில் கையெழுத்துப் போடுமுன் மிஷின் விலையை எழுத்தில் வாங்குங்கள். கழற்றுவது, கிரேன், லாரி யார் செலவு, ஜிஎஸ்டி விலைக்குள்ளா வெளியேவா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முன்பணமும் வேண்டும். ஆட்டோகோனருக்குத் தனி விலை கேளுங்கள். மொத்த விலையில் புது மிஷின் பழைய மிஷினோடு சேர்ந்து மலிவாகப் போய்விடும். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்குபவருக்குக் காட்டுங்கள். நின்று மூன்று மாதமான ஃப்ரேமைப் பார்க்க வருபவர் துருவைக் காட்டித்தான் பேரத்தைத் தொடங்குவார். குடோன் கம்பெனியிடமும் எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எவ்வளவு அட்வான்ஸ், தரை எந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மிஷின் அடித்தளங்களை உடைத்துத் தரை போடும் செலவு உங்கள் தலையில் விழுந்தால் முதல் ஆண்டு வாடகை முழுவதும் அதற்கே போகக்கூடும்.

"நல்ல ஆண்டு வரும்" என்ற நம்பிக்கை

நீங்கள் எழுதவில்லை, ஆனால் வீட்டில் யாராவது 2021-ஐப் பற்றிப் பேசியிருப்பார்கள். அந்த ஆண்டு நூல் மார்ஜின் நன்றாக இருந்தது உண்மை. அடுத்த ஆண்டே பஞ்சு கேண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதும் உண்மை. மறுபடி அப்படி ஒரு காலம் வரலாம் என்று காத்திருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மூடிய மில்லை மறுபடி திறக்க முடியாது. ஆனால் அந்த மதிப்பையும் அளந்து பார்க்கலாம்.

இந்த ஓர் ஆண்டு தன் செலவைத் தானே தாங்க வேண்டுமென்றால் மில் 85 லட்சம் ரொக்கம் ஈட்ட வேண்டும். சம்பளமும் மற்ற செலவும் 172. ஆக 257 லட்சம், 6 லட்சம் கிலோவுக்கு. கிலோவுக்கு 42 ரூபாய் 80 காசு. இப்போது கிடைப்பது 33. நல்ல ஆண்டில் 60 ரூபாய் நிற்கும் என்றே வைத்துக்கொண்டாலும் (அப்போது ரொக்கம் 188 லட்சம்), அப்படிப்பட்ட ஆண்டு வரும் வாய்ப்பு 36 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் காத்திருப்பது லாபம். நல்ல காலம் வந்தால் பழைய மிஷின் விலையும் கூடும், அடுத்த ஆண்டுக்கும் அது நீளலாம் என்பதைச் சேர்த்தால் 36 கொஞ்சம் இறங்கும். உங்கள் கடந்த பத்து ஆண்டுக் கணக்கை எடுத்து, கிலோவுக்கு 43 ரூபாய்க்கு மேல் நின்ற ஆண்டுகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோதான் என்றால் பதில் கையில் இருக்கிறது.

தற்காலிகமாக நிறுத்திப் பார்க்கலாமா என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். லே-ஆஃபில் பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். 62 பேருக்கு மாதம் 4.8 லட்சம். ஹெச்டி இணைப்பில் மோட்டார் ஓடாவிட்டாலும் ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்கு டிமாண்ட் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். பஞ்சு விலை இரண்டு மாதம் எகிறி இறங்கும் சமயத்துக்கு அது பொருந்தும், உங்கள் நிலைக்குப் பொருந்தாது.

அனுமதி, நோட்டீஸ், வங்கி

அரசு அனுமதி வேண்டும் என்பது பெரிய ஆலைகளுக்கான விதி. பழைய தொழில் தகராறு சட்டத்தில் 100 பேர் முதல். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பில் 300 பேர் முதல். 62 பேர் உள்ள உங்களுக்கு இரண்டின்படியும் முன் அனுமதி தேவையில்லை. ஆனால் 50-க்கு மேல் என்பதால் மூடுவதற்கு 60 நாள் முன்னதாகக் காரணம் காட்டி அரசுக்கு நோட்டீஸ் தர வேண்டும். இந்த எண்ணிக்கையில் யார் யார் சேர்வார்கள் என்பதை, குறிப்பாக கான்ட்ராக்ட் ஆட்கள் இருந்தால், தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த 60 நாளை வீணாக்க வேண்டாம். புதிதாகப் பஞ்சு வாங்காமல், இருக்கும் பஞ்சையும் இடைநிலைச் சரக்கையும் நூலாக்கி முடிக்க அது சரியான காலம். அரைகுறையாக நிற்கும் ஸ்லைவரும் ரோவிங்கும் வேஸ்ட் விலைக்குத்தான் போகும். வரவேண்டிய பாக்கியை நோட்டீஸ் போகுமுன்பே நெருக்கி வசூலியுங்கள். மில் மூடப் போகிறது என்று தெரிந்தபின் திருப்பூர்ப் பார்ட்டிகள் சிலர் தரக் குறை, எடைக் குறை என்று கழிவு கேட்பார்கள். அவர்களுக்கு இனி உங்களிடம் நூல் வாங்க வேண்டிய அவசியம் இல்லையே. நான் விட்டுவைத்த பத்து லட்சம் அதற்காகத்தான்.

தொழிலாளர் தொகையைச் சராசரியில் முடிவு செய்யாதீர்கள். பெயர் பெயராகப் பட்டியல் போடுங்கள். ஐந்து ஆண்டு முடியாத நிரந்தர ஆளுக்குப் பொதுவாக கிராஜுவிட்டி வராது, இழப்பீடு வரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் முழு ஆண்டாகக் கணக்காகும். எடுக்காத லீவுக்கான பணமும் சேரும். கடைசிச் சம்பளத்தை வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள்ளும், கிராஜுவிட்டியை 30 நாளுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும்.

உண்மையான சிக்கல் இங்கேதான் வரும். மிஷினும் ஸ்டாக்கும் வங்கிக்கு அடமானம். வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் ஒரு ஃப்ரேமையும் வெளியே எடுக்க முடியாது. விற்ற பணத்தை வங்கி நேராகக் கடனில் வரவு வைத்துக்கொள்ளும். வரும் 340 லட்சத்தில் 270 அங்கே போய்விட்டால் மீதி 70, ஆட்களுக்குத் தர வேண்டியது 134. 64 லட்சம் குறைகிறது. கணக்கில் சரியான முடிவு, கையில் பணம் இல்லாததால் நடுவழியில் நிற்பது இப்படித்தான்.

ஓட்டினால் இந்தப் பள்ளம் குறையுமா? மில் தரும் 26 லட்சம் வங்கியின் 30 லட்சம் வட்டிக்கே போதாது. கடன் ஒரு ரூபாய்கூட இறங்காமல் 274 ஆகும். அப்போது மூடினால் கைக்கு வருவது 163. பள்ளம் 64-லிருந்து 111 லட்சமாகிவிடும். இன்றைய 64 லட்சத்தையோ குடோன் வாடகையைக் காட்டிக் கடனாக வாங்கலாம். 11 சதவீத வட்டியில், முதல் ஆண்டு பாதி வாடகைதான் என்று வைத்தாலும், ஆறு ஆண்டுக்குள் வாடகையே அடைத்துவிடும். 111 லட்சத்தை அந்த வாடகை தாங்குவது கடினம். அதன் வட்டிக்கு மட்டுமே ஆண்டுக்கு 12 லட்சம் போகும்.

ஆகவே வங்கி மேலாளரைச் சந்திப்பது நோட்டீஸுக்கு முன்னால் வர வேண்டும். மிஷின் விலைக் கடிதம், குடோன் கம்பெனியின் கடிதம், பெயர்வாரியான தொழிலாளர் பட்டியல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மிஷின் பணத்திலிருந்து தொழிலாளர் தொகையை முதலில் தீர்க்க அனுமதித்து, மீதிக் கடனை வாடகைக் கடனாக மாற்றித் தருமாறு கேளுங்கள். எழுத்தில் சம்மதம் வந்தபின் மின் வாரியத்துக்கு ஹெச்டி இணைப்பை ஒப்படைக்கும் விண்ணப்பத்தைத் தயாராக வைத்து, கடைசி ஷிஃப்ட் ஓடி முடிந்த மறுநாள் கொடுத்துவிடுங்கள். சும்மா மெயினை அணைத்துவிட்டு வந்தால் டிமாண்ட் கட்டணம் ஏறிக்கொண்டே போய் டெபாசிட்டைத் தின்றுவிடும். குடோனுக்குச் சிறிய எல்டி இணைப்பு போதும்.

வருமான வரியைப் பற்றி எழுதவில்லை. மிஷினை எந்த ஆண்டில் விற்றாலும் வரிக் கேள்வி எழும், பழைய நஷ்டம் எவ்வளவு தூக்கிவைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்யும்போது கையில் மிஞ்சும் ஸ்டாக்குக்கும் மிஷினுக்கும் எடுத்த கிரெடிட்டைத் திருப்ப வேண்டி வரும் என்பதால், விற்றுத் தீர்த்தபின் ரத்து செய்வதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஒருவேளை இரண்டு கடிதங்களும் வராமலே போய், ரிங் ஆர்டர் போடும் நாள் நெருங்கினால், அந்த 24 லட்சத்தைக் கொடுக்குமுன் இதே கணக்கைப் புது எண்களோடு மறுபடி போடுங்கள். அப்போது கிலோவுக்கு நிற்கும் தொகை 34-ஐத் தாண்டியிருந்தால் பழைய ரிங்கிலேயே இன்னும் சில மாதம் ஓட்டுங்கள். ஆர்டரை மட்டும் போட வேண்டாம்.